'இல்லாதவிடத்து': கலஹவிவாத சுத்தத்தின் ஒரு பாட்டைப் பிரித்துக் கோர்த்த கதை

பாலி மொழிப் பௌத்த நூலான சுத்தநிபாதத்தின் நான்காம் பகுதி அட்டகவக்கம். அதில் பதினாறு சுத்தங்கள், அதாவது உபதேசங்கள். பதினொன்றாவது கலஹவிவாத சுத்தம். சண்டையும் தகராறும் எங்கிருந்து வருகின்றன என்று ஒருவர் கேட்கிறார், புத்தர் பதில் சொல்கிறார். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி வருகிறது. இப்படிப் பதினாறு பாட்டு. இதை எங்கள் வாசிப்பு வட்டத்துக்காகத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். பத்தாவது பாட்டிலும் பதினோராவது பாட்டிலும் நான் செய்த பிழைகளையும், அவற்றைத் திருத்திய வழியையும் இங்கே எழுதி வைக்கிறேன். எட்டு வரிதான், ஆனால் பாலிச் செய்யுளில் ஒருவர் தடுக்கி விழக்கூடிய எல்லா இடமும் இந்த எட்டு வரிக்குள் இருக்கிறது.

முதலில் மூலம். தமிழ் எழுத்தில் தருகிறேன். சொல்லின் இறுதியில் வரும் மூக்கொலியை 'ங்' என்று எழுதியிருக்கிறேன்.

கேள்வி:

பஸ்ஸோ நு லோகஸ்மிங் குதோநிதானோ,
பரிக்கஹா சாபி குதோபஹூதா;
கிஸ்மிங் அஸந்தே ந மமத்தமத்தி,
கிஸ்மிங் விபூதே ந புஸந்தி பஸ்ஸா.

பதில்:

நாமஞ்ச ரூபஞ்ச படிச்ச பஸ்ஸோ,
இச்சாநிதானானி பரிக்கஹானி;
இச்சாயஸந்த்யா ந மமத்தமத்தி,
ரூபே விபூதே ந புஸந்தி பஸ்ஸா.

என் முதல் வரைவில் பதிலின் இரண்டாம் வரி இப்படி இருந்தது: "உடைமைகளே ஆசையின் காரணங்கள்." வட்டத்தில் வாசித்தபோது யாரும் மறுக்கவில்லை. பொருள் கண்ணில் படுவதால்தானே ஆசை வருகிறது, சரிதானே என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தி மட்டும், வட்டத்திலேயே இளையவள், முந்தைய பக்கங்களைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நாலாவது பாட்டுல விருப்பத்துலேர்ந்து பிரியமானவை வருதுன்னு எழுதியிருக்கீங்க. இங்க அது தலைகீழா நிக்குதே. ஒரே சொல்தானே ரெண்டு இடத்துலயும்?"

ஆமாம், ஒரே சொல்தான். நான்காம் பாட்டில் 'சந்தாநிதானானி பியானி', இங்கே 'இச்சாநிதானானி பரிக்கஹானி'. இரண்டும் ஒரே வார்ப்பு. ஒன்றைச் சரியாகவும் இன்னொன்றைத் தலைகீழாகவும் எழுதியிருந்தேன். அன்று இரவு எல்லாவற்றையும் முதலிலிருந்து பிரித்துப் போட்டேன்.

நிதானத்தில் தடுக்கிய இடம்

'நிதான' என்ற சொல்லே தமிழருக்கு ஒரு பொறி. நமக்கு நிதானம் என்றால் பதற்றமில்லாமை. பாலியில் அது மூலம், ஊற்றுக்கண், ஒன்று எதிலிருந்து கட்டுண்டு வருகிறதோ அது. இந்தப் பொறியில் நான் விழவில்லை. விழுந்தது தொகையில்.

'இச்சாநிதான' என்பதை இரண்டு விதமாக விரிக்கலாம். 'இச்சையின் மூலம்' என்று விரித்தால் அது ஆறாம் வேற்றுமைத்தொகை. 'இச்சையை மூலமாக உடையது' என்று விரித்தால் அன்மொழித்தொகை, வடமொழிக்காரர் சொல்லும் பஹுவ்ரீஹி. பொற்றொடி என்றால் பொன் வளையல் அல்ல, அதை அணிந்தவள் என்று பள்ளியில் படித்தோமே, அதே வகை. முதல் விரிவில் உடைமை காரணம், இச்சை விளைவு. இரண்டாவதில் இச்சை காரணம், உடைமை விளைவு. ஒரு தொகையை எப்படி விரிக்கிறோம் என்பதைப் பொறுத்துக் காரணமும் காரியமும் இடம் மாறிவிடும்.

எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த வரியை மட்டும் பார்த்தால் முடியாது. 'நிதான' என்ற பெயர்ச்சொல் இயல்பிலேயே பாலியில் அலிப்பால். 'பரிக்கஹானி' என்பதும் இங்கே அலிப்பால் பன்மை வடிவம். இரண்டும் '-ஆனி' என்று முடிவதால், இது பெயருக்குப் பெயர் வைத்துச் சமன் செய்த வாக்கியமா, அடையாக வந்த தொகையா என்று உருவத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் நான் ஏமாந்தேன்.

விடை கேள்வியிலேயே இருக்கிறது. 'பஸ்ஸோ ... குதோநிதானோ'. 'பஸ்ஸ', அதாவது தொடுதல், ஊறு, ஆண்பால் சொல். அதோடு சேரும்போது 'நிதான' தன் சொந்த அலிப்பாலை விட்டுவிட்டு '-ஓ' என்று ஆண்பால் ஒருமை முடிவை எடுத்திருக்கிறது. 'மூலம்' என்ற பெயராகவே நின்றிருந்தால் 'நிதானங்' என்றுதான் வந்திருக்கும். இன்னொன்றின் பாலுக்கேற்ப மாறுகிறது என்றாலே அது அடைமொழி, அதாவது அன்மொழித்தொகை. 'எதை மூலமாக உடையது ஊறு?' என்பது கேள்வி. ஐந்தாம் பாட்டிலும் 'சந்தோ ... குதோநிதானோ' என்று ஆண்பாலில் வருகிறது. இப்படி ஆண்பாலில் வரும் ஒரு சான்று கிடைத்துவிட்டால், அலிப்பாலில் ஒளிந்துகொண்டிருக்கும் மற்ற எல்லா இடத்துக்கும் அதுவே சாவி. உருவம் காட்டிக்கொடுக்கும் இடத்தில் விரிவை முடிவு செய்து, காட்டிக்கொடுக்காத இடத்துக்கு அதை எடுத்துப்போவது. அன்றிலிருந்து இதையே வழக்கமாக வைத்துக்கொண்டேன்.

இங்கே இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கேள்வியில் 'பரிக்கஹா' என்று ஆண்பால் பன்மை, பதிலில் அதே சொல் 'பரிக்கஹானி' என்று அலிப்பால். மூன்றாம் பாட்டின் 'பியா'வும் நான்காம் பாட்டில் 'பியானி' ஆகிறது. பொருள் மாறவில்லை. வரிக்குப் பதினோரு அசை வேண்டிய யாப்பு இது, அதற்காகப் புலவர் ஓர் அசையைக் கூட்டிக்கொள்கிறார். நான்காம் பாட்டில் 'சந்த' என்பது 'சந்தா' என்று நீண்டதும் இரண்டாம் அசை நெடிலாக வேண்டும் என்பதற்காகத்தான். அந்த நீட்சியைப் பார்த்து, 'சந்தா' தனியாக ஐந்தாம் வேற்றுமையில் நிற்கிறது, 'விருப்பத்திலிருந்து' என்று பொருள் என எழுதத் தோன்றும். அப்படி எழுதினால் 'நிதானானி' தனியே விடப்பட்டுத் தொங்கும். ஒரே தொகையாக வைத்துப் படிப்பதுதான் சரி.

எல்லா இடத்தையும் ஒன்றாகப் பார்த்தது

இனி நினைவை நம்பக் கூடாது என்று முடிவு செய்தேன். பதினாறு பாட்டையும் ரோமன் எழுத்தில் ஒரு கோப்பில் போட்டு, பாட்டுக்கு ஒரு வரியாக அமைத்து, இப்படித் தேடினேன்:

```
grep -noE "[^ ]*nidān[^ ]*" kalaha.txt
grep -noE "[^ ]*pahūt[^ ]*" kalaha.txt
grep -noE "[^ ]*asant[^ ]*" kalaha.txt
grep -noE "[^ ]*vibh[^ ]*"  kalaha.txt
```

கோப்பு ரோமன் எழுத்தில் இருந்தது வசதிக்காக மட்டுமல்ல. தமிழ் எழுத்தில் தேடினால் 'பஸ்ஸ' என்று தொடுதலும் வரும், 'பார்' என்ற ஏவலும் வரும். மூலத்தில் அவை வேறு வேறு எழுத்தில் தொடங்கும் வேறு வேறு சொற்கள்.

'நிதான' பன்னிரண்டு முறை வந்தது. 'பஹூத' ஐந்து முறை. பன்னிரண்டு இடத்துக்கும் என் வரைவில் என்ன எழுதியிருக்கிறேன் என்று பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். 'காரணம்', 'வேர்', 'பிறப்பிடம்', 'இதனால்', 'இதிலிருந்து வருவன' என்று ஐந்து விதமாக எழுதியிருந்தேன். ஒவ்வொன்றும் அந்தந்த வரியில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் இந்தச் சுத்தமே ஒரு சங்கிலி. கேட்பவர் 'எதை மூலமாகக் கொண்டது' என்று கேட்டால், பதில் சொல்பவர் அதே சொல்லில் 'எது' என்ற இடத்தை மட்டும் நிரப்பித் திருப்பித் தருகிறார். கேள்வியில் 'வேர்' என்றும் பதிலில் 'காரணம்' என்றும் எழுதினால் அந்தக் கொக்கி மாட்டாது. கேட்பவருக்கு அது வேறொரு உரையாடலாகக் கேட்கும்.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கி, வாய்பாடுகளை மட்டும் எழுதினேன். 'அ-நிதான' என்றால் 'அ-வை மூலமாகக் கொண்ட'. 'அ-பஹூத' என்றால் 'அ-விலிருந்து கிளைத்த'. ஆறாம் பாட்டில் வரும் 'பஹோதி' என்ற வினையும் அதே வேர்தான், ஆகவே 'கிளைக்கிறது'. விதி ஒன்றே ஒன்று: ஓர் இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும். எல்லா இடத்திலும் பொருந்தாவிட்டால் அந்தச் சொல்லே வேண்டாம்.

நிதானத்தையும் பஹூதத்தையும் ஒரே சொல்லால் எழுதிவிடலாமா என்றும் யோசித்தேன். பழைய உரையான மகாநித்தேசம் இரண்டையும் ஏறக்குறைய ஒரே வரிசைச் சொற்களால்தான் விளக்குகிறது. பத்தாம், பதினோராம் பாட்டுகளைப் பாருங்கள்: கேள்வியில் பரிக்கஹத்துக்கு 'குதோபஹூதா', பதிலில் 'இச்சாநிதானானி'. பஹூதம் என்று கேட்டதற்கு நிதானம் என்று பதில் வருகிறது. இரண்டும் நெருங்கிய பொருளுடையவை என்பதற்கு இதுவே சாட்சி. ஆனாலும் இரண்டு சொல்லாகவே வைத்தேன். மூலத்தில் இந்தக் குறுக்குப் பாய்ச்சல் இருக்கிறது, அது தமிழ் வாசகருக்கும் தெரிய வேண்டும் என்பது என் எண்ணம். ஒன்றாக்கிவிட்டால் அதைப் பார்க்கவே முடியாது.

சதி சப்தமி: தமிழில் அது ஏற்கெனவே இருக்கிறது

அடுத்தது 'கிஸ்மிங் அஸந்தே', 'ரூபே விபூதே'. ஒரு பெயரும் ஒரு வினைப்பெயரெச்சமும் சேர்ந்து இரண்டும் ஏழாம் வேற்றுமையில் நின்று, முதன்மை வாக்கியத்தோடு எழுவாயைப் பகிராமல் தனியாக ஒரு சூழலைச் சொல்லும். சமஸ்கிருத இலக்கணத்தில் இதற்குச் சதி சப்தமி என்று பெயர். 'அஸந்தே' என்றால் 'இல்லாததாக இருக்கையில்'.

இதை எச்சத்தோடு குழப்பக் கூடாது. 'படிச்ச', ஆறாம் பாட்டின் 'திஸ்வா', கடைசிப் பாட்டின் 'ஞத்வா' எல்லாம் எச்சங்கள். நம் 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் போல: 'சார்ந்து', 'கண்டு', 'அறிந்து'. இவற்றில் எழுவாய் முதன்மை வினையின் எழுவாய்தான். 'திஸ்வா'வில் முதலில் காண்பது, பிறகு முடிவு கட்டுவது என்று வரிசை இருக்கிறது. 'படிச்ச'வில் வரிசை இல்லை. நாமரூபம் எனப்படும் அருவும் உருவும் முதலில் வந்து, ஊறு பிறகு வந்து என்று கால அடுக்கு கிடையாது, சார்ந்திருத்தல் மட்டுமே. தமிழின் 'சார்ந்து' இதற்கு அப்படியே பொருந்துகிறது, எந்தத் திருத்தமும் வேண்டியிருக்கவில்லை.

சதி சப்தமிக்குத்தான் உழைக்க வேண்டியிருந்தது. முதல் வரைவில் 'இல்லாதபோது' என்று எழுதினேன். அதில் காலம் மட்டும் கேட்கிறது. இச்சை இல்லாத நேரத்தில் 'எனது' இல்லை, சரி, இருக்கும் நேரத்தில் உண்டா இல்லையா என்று ஒரு தளர்ச்சி. 'இல்லாவிட்டால்' என்று மாற்றினேன். இப்போது நிபந்தனை மட்டும் கேட்கிறது. 'அப்படி ஒருவேளை இல்லாவிட்டால்' என்று கற்பனையாக நிற்கிறது. மூலத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. அப்படி ஒரு நிலை உண்டு, அந்த நிலையில் இது இல்லை, அது இல்லாததால்தான் இது இல்லை.

இரண்டு நாள் கழித்து வேறு எதற்காகவோ ஒரு பத்திர ஆவணத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் 'வாரிசுகள் இல்லாதவிடத்து' என்று ஒரு வரி. அங்கேயே நின்றுவிட்டேன். இல்லாத + இடத்து. 'இடத்து' என்பதே ஏழாம் வேற்றுமைப் பொருள். காலமும் உண்டு, நிபந்தனையும் உண்டு, 'அப்படியான நிலையில்' என்ற உறுதியும் உண்டு. பழந்தமிழில் 'இல்வழி' என்று ஒரு வழக்கு இருக்கிறது. நன்னூல் அடுக்கும் இடப்பொருள் உருபுகளில் 'வழி'யும் ஒன்று. ஆக, ஒன்று இல்லாத 'இடத்தை' வைத்து நிபந்தனை சொல்லும் பழக்கம் நம்மிடம் எப்போதோ இருக்கிறது. பாலியும் அதைத்தான் செய்கிறது. 'இல்வழி' இன்றைய காதுக்குத் தொலைவு. 'இல்லாதவிடத்து' கொஞ்சம் ஆவண வாசனை அடித்தாலும் எல்லோருக்கும் புரிகிறது. அதையே எடுத்துக்கொண்டேன்.

வாய்பாட்டு ஏட்டில் ஏறியது இது: 'அஸந்தே' என்றால் 'இல்லாதவிடத்து', 'ஸந்தே' என்றால் 'உள்ளவிடத்து', இறந்தகால வினைப்பெயரெச்சம் வந்தால் '-ந்தவிடத்து'. ஏழாம் பாட்டில் 'த்வயமேவ ஸந்தே' என்று ஒரு முரட்டுத் தொடர் உண்டு. 'த்வயே' என்று ஏழாம் வேற்றுமையில் வர வேண்டியது 'த்வயங்' என்று நிற்கிறது. உரை அதைச் சதி சப்தமியாகவே எடுக்கிறது. 'இவ்விரண்டும் உள்ளவிடத்தே' என்று எழுதினேன், சிக்கலில்லாமல் உட்கார்ந்தது.

இரண்டாம் பாட்டின் கடைசி வரி 'விவாதஜாதேஸு ச பேஸுணானி' இன்னும் சுவையானது. இங்கே சதி சப்தமி ஒரு தொகைக்குள் ஒளிந்திருக்கிறது. 'விவாதஜாத' என்பதைத் 'தகராறில் இறங்கியவர்கள்' என்று ஆட்களாகவும் படிக்கலாம். துறவிகள் சண்டையிடுவதைச் சொல்லும் உரைநடை வாய்பாட்டில் 'கலஹஜாதா' என்பது ஆட்களைத்தான் குறிக்கிறது. மகாநித்தேசமோ 'விவாதே ஜாதே' என்று இரண்டாகப் பிரித்து, 'தகராறு எழுந்தபோது' என்று விளக்குகிறது. எதை எடுப்பது? 'தகராறு எழுந்தவிடத்துக் கோள்' என்று எழுதினால் இரண்டையும் விட்டுக்கொடுக்காமல் நிற்கிறது. தகராறு எழுந்த சூழலிலும் கோள் உண்டு, தகராறு எழுந்த ஆட்களிடையேயும் உண்டு. ஒரே வாய்பாட்டை விடாமல் பிடித்ததால் கிடைத்த பலன் இது. தேடி எடுத்ததல்ல.

ஆனால் எங்கே நிறுத்துவது என்றும் தெரிய வேண்டும். பன்னிரண்டாம் பாட்டில் 'கதங் ஸமேதஸ்ஸ விபோதி ரூபங்' என்று ஆறாம் வேற்றுமையில் ஒரு வினைப்பெயரெச்சம் வருகிறது. பாலியில் ஆறாம் வேற்றுமையிலும் இப்படித் தனித்து நிற்கும் தொடர்கள் உண்டு. ஆகவே இதற்கும் 'விடத்து' போட்டுப் பார்த்தேன். தவறு. இது சூழல் அல்ல, ஆள். 'எவ்வாறு நடப்பவனுக்கு உரு மறைகிறது?' என்பதே கேள்வி. நம் நான்காம் வேற்றுமை 'உக்கு' வேலையை முடித்துவிடுகிறது. இப்படிச் சோதிக்கலாம்: அந்தத் தொடரை எடுத்துவிட்டு, முதன்மை வினையைப் பார்த்து 'யாருக்கு?' என்று கேளுங்கள். விடையாக அது வந்து உட்கார்ந்தால் அது தனித்தொடர் அல்ல.

ஒரு 'அ' காணாமல் போனது

பதிலின் மூன்றாம் வரி: 'இச்சாயஸந்த்யா ந மமத்தமத்தி'. ஒட்டி எழுதியிருப்பதைப் பிரிக்க வேண்டும். 'இச்சாய ஸந்த்யா' என்று பிரித்தால் 'இச்சை உள்ளவிடத்து எனதென்பது இல்லை'. 'இச்சாய அஸந்த்யா' என்று பிரித்தால் 'இச்சை இல்லாதவிடத்து எனதென்பது இல்லை'. இரண்டு அகரம் சந்தித்து ஒன்று விழுந்திருக்கிறது. விழுந்ததோ இன்மையைச் சொல்லும் அகரம். யாப்பு உதவாது, எப்படிப் பிரித்தாலும் வரியில் பதினோரு அசைதான். வேற்றுமை முடிவும் உதவாது. 'இச்சாய' என்ற பெண்பால் வடிவம் பாலியில் மூன்றாம் வேற்றுமை முதல் ஏழாம் வேற்றுமை வரை ஒன்றேபோல் இருக்கும்.

இங்கே தீர்ப்புச் சொல்வது வாய்பாடு மட்டும்தான். கேள்வியில் 'கிஸ்மிங் அஸந்தே ந மமத்தமத்தி' என்று தெளிவாக இருக்கிறது. 'கிஸ்மிங்' இருந்த இடத்தில் 'இச்சாய' வந்திருக்கிறது, 'அஸந்தே' இருந்த இடத்தில் அதன் பெண்பால் வடிவம் 'அஸந்த்யா' வந்திருக்கிறது. அதே வாய்பாட்டின் இரண்டாம் பாதியில் 'விபூதே'க்கு 'விபூதே' திரும்புகிறது. எட்டு, ஒன்பதாம் பாட்டுகளில் 'கிஸ்மிங் அஸந்தே' என்ற கேள்விக்கு 'பஸ்ஸே அஸந்தே' என்ற பதில் இருக்கிறது. நான்கு சான்று ஒரு பக்கம், ஆகவே அகரத்தைத் திருப்பி வைத்தேன். பொருளை வைத்தும் இதைச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்லலாம்தான். ஆனால் உடைமை பற்றிய வரியில் எனக்குச் 'சரியாகத் தோன்றிய' பொருளே தலைகீழாக இருந்ததை முன்பே பார்த்தேன். உருவத்தில் சான்று கிடைக்கும்வரை பொருளை நம்புவதில்லை என்று அதற்குப் பிறகு வைத்துக்கொண்டேன்.

விபூதே

கடைசியாக 'விபூதே'. 'வி-பூ' என்ற வேர் இந்தச் சுத்தத்தில் பத்து இடத்தில் வருகிறது: 'விபவங்' மூன்று, 'விபூத' மூன்று, 'விபோதி' நான்கு. தமிழர் காதில் இது விபூதி, வைபவம் என்று விழும். 'விபூத' என்ற சொல்லுக்குப் பாலியிலேயே 'தெளிவாகப் புலப்பட்ட' என்றும் பொருள் உண்டு, 'இல்லாது போன' என்றும் பொருள் உண்டு. நேரெதிர்ப் பொருள்கள். 'உரு தெளிந்தவிடத்து' என்பதா, 'உரு மறைந்தவிடத்து' என்பதா?

மகாநித்தேசம் இங்கே நான்கு வகை சொல்கிறது: அறிதலால், ஆராய்தலால், விடுதலால், கடத்தலால். முதலிரண்டும் 'தெளிதல்' பக்கம், கடைசி இரண்டும் 'மறைதல்' பக்கம். உரைக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. பாட்டு எந்தப் பக்கம்? பத்து இடத்தையும் வரிசையாக வைத்தால் 'விபவங் பவஞ்ச' என்ற இணை முன்னே நிற்கிறது, அங்கே அது 'பவ'த்துக்கு எதிர். பன்னிரண்டாம் பாட்டில் இன்பமும் துன்பமும் எப்படி 'விபோதி' ஆகின்றன என்று கேட்கிறார், அங்கே 'தெளிகின்றன' என்பது பொருந்தாது. ஆகவே மறைதல். பத்து இடத்திலும் அதே வேர்: 'தோற்றமும் மறைவும்', 'மறைகிறது', 'மறைந்தவிடத்து'.

கலைச்சொற்கள் எங்கிருந்து எடுத்தேன்

இதில் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மணிமேகலை பன்னிரு நிதானங்களை அடுக்கும் இடத்தில் அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று தமிழிலேயே சொல்லிவிட்டது. ஆக நாமரூபம் அருவுரு, பஸ்ஸம் ஊறு. 'வேட்கை'யைத் தண்ஹாவுக்கும் 'பற்று' என்பதை உபாதானத்துக்கும் விட்டுவைக்க வேண்டும், இங்கே அவை வரவில்லை. இச்சைக்கு 'அவா', சந்தத்துக்கு 'விருப்பம்', மூன்றாம் பாட்டில் வரும் 'ஆஸா'வுக்கு 'எதிர்பார்ப்பு' என்று பிரித்தேன். எல்லாவற்றையும் 'ஆசை' என்று எழுதியிருந்த முதல் வரைவில் சங்கிலியின் மூன்று வளையங்கள் ஒன்றாக உருகிப்போயிருந்தன. 'பரிக்கஹ'வுக்கு 'உடைமை' என்று எழுதியதையும் மாற்றினேன். உரை இதை வேட்கையால் பிடிப்பது, கொள்கையால் பிடிப்பது என்று இரண்டாகச் சொல்கிறது, ஆகவே அது பொருள் அல்ல, செயல். 'கைக்கொள்ளல்' என்று வைத்தேன். 'மமத்த' என்பது 'மம' என்ற 'எனது' என்னும் சொல்லிலிருந்து ஆன பண்புப்பெயர். வள்ளுவர் 'யான் எனது என்னும் செருக்கு' என்றதில் பாதி அது.

கடைசி வரியில்தான் அதிகம் மகிழ்ந்தேன். 'ந புஸந்தி பஸ்ஸா' என்பதில் பெயரும் வினையும் ஒரே வேர். 'தொடுதல்கள் தொடுவதில்லை' என்பது போல. 'ஊறுகள் தீண்டுவதில்லை' என்று எழுதி வைத்திருந்தேன், வேர் ஒற்றுமை போய்விட்டதே என்ற வருத்தத்தோடு. நாலைந்து நாள் கழித்து உரக்க வாசிக்கும்போதுதான் உறைத்தது, ஊறு என்பதே 'உறு' என்ற வினையிலிருந்து முதல் நீண்டு வந்த பெயர். மணிமேகலை தந்த சொல்லுக்குள்ளேயே வினையும் இருந்திருக்கிறது.

கேள்வி:

உலகில் ஊறு எதை மூலமாகக் கொண்டது?
கைக்கொள்ளல்கள் எதிலிருந்து கிளைத்தவை?
எது இல்லாதவிடத்து எனதென்பது இல்லை?
எது மறைந்தவிடத்து ஊறுகள் உறுவதில்லை?

பதில்:

அருவும் உருவும் சார்ந்தே ஊறு;
அவாவை மூலமாகக் கொண்டவை கைக்கொள்ளல்கள்;
அவா இல்லாதவிடத்து எனதென்பது இல்லை;
உரு மறைந்தவிடத்து ஊறுகள் உறுவதில்லை.

அடுத்த அமர்வில் கேள்வியை நான் வாசிக்க, பதிலை அந்த இளையவள் வாசித்தாள். மூன்றாம் வரிக்கு வந்ததும் தாளைப் பார்க்காமலே சொன்னாள். 'இல்லாதவிடத்து' என்பது மட்டும் இன்னும் பத்திரம் படிப்பது போல இருக்கிறது என்கிறாள். பதினான்கு முதல் பதினாறு வரை மூன்று பாட்டு பாக்கி இருக்கின்றன. அவற்றையும் முடித்துவிட்டு, அதைவிட இயல்பான ஒரு சொல் எல்லா இடத்துக்கும் பொருந்துகிறதா என்று பார்க்கப் போகிறோம்.